எங்கே வைத்துப் பார்த்தீர்கள்? கைக்குழந்தை முதல் பாட்டி வரை காய்ச்சல் அளக்கும் முறை

"டாக்டர், பாப்பாவுக்கு நூத்தி ஒண்ணு இருக்கு."

"எதுல பாத்தீங்கம்மா? அக்குள்லயா, காதுலயா?"

இரவு நேரத்தில் குழந்தைகளுக்கான டாக்டருக்கு நீங்கள் போன் செய்தால் அவர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். பதில் தெரியாமல் அவரால் அந்த 101-ஐ வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. அக்குளில் 101 என்றால் உடலின் உள்ளே அதைவிடக் கூடுதலாக இருக்கலாம். காதில் 101 என்றால் ஏறக்குறைய அவ்வளவுதான். வெளியிலிருந்து இப்போதுதான் வந்த பிள்ளையின் நெற்றியில் 101 என்றால் அது வெயிலாகக்கூட இருக்கலாம்.

இந்தக் கட்டுரையில் வரும் எண்கள் எல்லாம், தனியாகச் சொன்ன இடங்கள் தவிர, ஃபாரன்ஹீட். நம் வீடுகளில் அப்படித்தான் பேசுகிறோம். ஆஸ்பத்திரிச் சீட்டில் செல்சியஸில் எழுதியிருந்தால் மூன்றை நினைவில் வைத்தால் போதும்: 37 என்பது 98.6, 38 என்பது 100.4, 39 என்பது 102.2.

நான்கு இடங்களில் ஏன் நான்கு எண்

உடம்பு ஒரே சூட்டில் இருப்பதில்லை. மூளை, இதயம், ஈரல் இருக்கும் உள்பகுதியின் சூட்டைத்தான் உடல் கவனமாகக் காக்கிறது. தோலின் சூடு அப்படியில்லை. உள்ளே சூடு கூடினால் தோலுக்கு ரத்தத்தை அதிகம் அனுப்பி, வியர்க்க வைத்து, சூட்டை வெளியே தள்ளுகிறது. உள்ளே சூடு தேவைப்பட்டால் தோலின் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. அதனால் தோலை எங்கே தொட்டு அளந்தாலும், உள்ளே இருக்கும் சூட்டோடு உடல் அந்த நிமிடம் செய்துகொண்டிருக்கும் வேலையும் சேர்ந்துதான் எண்ணாக வரும்.

காய்ச்சல் ஏறும்போது இது நன்றாகத் தெரியும். குளிர் நடுக்கம் வரும், கை கால் ஜில்லென்று ஆகும், பிள்ளை போர்வை கேட்கும். அப்போது நெற்றியிலும் அக்குளிலும் பார்த்தால் எண் குறைவாகவே வரும். ஆனால் உள்ளே சூடு ஏறிக்கொண்டிருக்கிறது. "நடுங்குறான், ஆனா ஜுரம் இல்லையே" என்று குழம்புவது இந்தக் கட்டத்தில்தான். நடுக்கம் அடங்கியபின் அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் எண் எகிறியிருக்கும்.

காது வேறு மாதிரி. செவிப்பறைக்கு அருகில் ஓடும் ரத்தம், மூளையில் சூட்டைக் கட்டுப்படுத்தும் பகுதிக்குப் போகும் ரத்தத்தின் உறவுக்காரன். அதனால் சரியாகப் பார்த்தால் காது உள்சூட்டுக்குப் பக்கத்தில் நிற்கும். நாக்குக்கு அடியிலும் பெரிய ரத்தக் குழாய் மேலாகவே ஓடுகிறது, வாயை மூடினால் அந்த இடம் காற்றுப் படாத அறையாகிவிடும். அக்குளும் நெற்றியும் தோல்தான். அக்குளைக் கையால் மூடி ஓர் அறையாக்க முடியும், நெற்றியை அதுவும் முடியாது.

பொதுவாகக் காய்ச்சல் என்று எடுத்துக்கொள்ளும் எல்லை இடத்துக்கு இடம் மாறுவது இதனால்தான். காதிலும் நெற்றியிலும் 100.4, வாயில் 100, அக்குளில் 99 என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அக்குளில் 99 என்பதை "கவனிக்க வேண்டிய எண்" என்று எடுத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் ஓடி விளையாடிவிட்டு வந்த பிள்ளைக்கு அது சும்மாவும் வரும்.

98.6 என்ற புகழ்பெற்ற எண்ணையும் கொஞ்சம் தளர்வாகப் பிடிப்பது நல்லது. அது 1868-ல் ஜெர்மனியின் லைப்சிக் நகரத்து டாக்டர் வுண்டர்லிஷ் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் அக்குளில் பார்த்துச் சொன்னது. 1992-ல் அமெரிக்காவின் மேரிலாந்தில் ஆரோக்கியமான 148 பேருக்கு வாயில் அளந்தபோது சராசரி 98.2-தான் வந்தது. முக்கியமான விஷயம் சராசரி அல்ல. காலை 6 மணிக்கு 98.9 வரையும், மாலை 4 மணிக்கு 99.9 வரையும் சாதாரணம் என்று அந்த ஆய்வு சொன்னது. விடியற்காலையில் உடம்பு குளிர்ந்திருக்கும், சாயங்காலம் சூடாயிருக்கும். "காலையில நார்மல், சாயங்காலம் 99.4" என்று ஒரு வாரமாகக் கவலைப்படுகிறவர்களில் பலருக்கு நடப்பது இதுதான்.

எதை வாங்குவது

ஒன்றே ஒன்று வாங்குவதென்றால், முனையில் உலோகம் உள்ள, பீப் அடிக்கும் சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர். மருந்துக்கடையில் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். பிறந்த குழந்தை முதல் தாத்தா வரை எல்லோருக்கும் பயன்படும். நல்ல கருவியில் பிழை 0.2 டிகிரிக்குள் இருக்கும். அகச்சிவப்புக் கதிரை வைத்து அளக்கும் காதுக் கருவி, நெற்றிக் கருவிகளுக்குப் பெட்டியிலேயே அதைப்போல் இரண்டு மடங்குப் பிழை அனுமதிக்கப்பட்டிருக்கும். அதுவும் சொன்னபடி பிடித்தால்தான்.

டிஜிட்டலிலும் இரண்டு வகை. ஒன்று உண்மையாகவே சூடேறும்வரை காத்திருந்து சொல்வது, ஒரு நிமிடமோ மேலோ ஆகும். இன்னொன்று "10 வினாடியில் முடிவு" என்று விற்பது. அது முதல் சில வினாடிகளில் எண் ஏறும் வேகத்தைப் பார்த்து, கடைசியில் எங்கே போய் நிற்கும் என்று ஊகித்துச் சொல்கிறது. வாயில் வைத்தால் ஊகம் ஓரளவு சரியாக வரும். அக்குளில், அதுவும் கை அசைக்கும் பிள்ளையிடம், ஊகம் தடுமாறும். என்னைக் கேட்டால் மெதுவான வகையையே வாங்கச் சொல்வேன். முனை வளையக்கூடிய ரப்பராக இருந்தால் சின்னப் பிள்ளைக்கு இன்னும் வசதி.

காதுக் கருவி, வீட்டில் ஒன்று முதல் பத்து வயது வரையான பிள்ளைகள் இருந்து அடிக்கடி காய்ச்சல் வந்தால் பயன்படும். தூங்குகிற பிள்ளையை எழுப்பாமல் இரண்டு வினாடியில் பார்த்துவிடலாம். நெற்றிக்கு நேரே நீட்டும் துப்பாக்கி வகை கொரோனா காலத்தில் ஒவ்வொரு கடை வாசலிலும் இருந்தது, இப்போது பல வீடுகளின் அலமாரியில் இருக்கிறது. அது வரிசையில் நிற்கும் ஆட்களைத் தொடாமல் சலித்துப் பார்க்க வந்த கருவி. இருந்தால் முதல் பார்வைக்கு வைத்துக்கொள்ளுங்கள், புதிதாக அதை மட்டும் வாங்காதீர்கள். ஒரு எச்சரிக்கை: சிவப்பு லேசர் புள்ளி விழுந்து, எண் நூற்றுக்கணக்கில் ஏறக்கூடிய துப்பாக்கி என்றால் அது இயந்திரங்களுக்கானது. மோட்டார் சூடாகிவிட்டதா என்று பார்க்க அது போதும், அதன் பிழையே சில டிகிரி இருக்கும், காய்ச்சலுக்கு உதவாது. லேசரைக் குழந்தையின் முகத்தில் அடிக்கவும் கூடாது.

நெற்றியில் ஒட்டிப் பார்க்கும் நிறம் மாறும் பட்டை வேண்டவே வேண்டாம்.

கண்ணாடியும் பாதரசமும் உள்ள பழைய தெர்மாமீட்டர் அளவில் நன்றாகவே இருக்கும். சிக்கல் உடைவதில்தான். இருந்தால் பிள்ளைகளிடமிருந்து தள்ளி வையுங்கள், வாயில் வைக்காதீர்கள். உடைந்தால் துடைப்பத்தால் பெருக்கவோ, வேக்குவம் கிளீனரால் உறிஞ்சவோ கூடாது, உருண்டை இன்னும் சிதறும், ஆவியும் பரவும். பிள்ளைகளை வெளியே அனுப்பி, ஜன்னலைத் திறந்து, கையுறை போட்டுக்கொண்டு, கெட்டி அட்டையால் உருண்டைகளை ஒன்றுசேர்த்து, மிச்சத்தை ஒட்டும் டேப்பால் எடுத்து, மூடியுள்ள டப்பாவில் அடையுங்கள். சாக்கடையில் கொட்ட வேண்டாம்.

அக்குள்: எல்லா வயதுக்கும், ஆனால் பொறுமை வேண்டும்

அக்குள் எண் தப்பாக வருவது பெரும்பாலும் இரண்டு காரணங்களால். முனை தோலில் படாமல் சட்டையிலோ காற்றிலோ இருப்பது ஒன்று. பீப் கேட்டவுடன் எடுத்துவிடுவது இன்னொன்று.

பீப் என்பது "ஏறும் வேகம் குறைந்துவிட்டது" என்ற அறிவிப்பு மட்டுமே. திறந்திருந்த அக்குளின் தோல் குளிர்ந்திருக்கும், மூடியபிறகு மெதுவாகத்தான் உள்சூட்டுக்குப் பக்கத்தில் வரும். அதனால் எண் ஆமை வேகத்தில் ஏறும்போது கருவி "நின்றுவிட்டது" என்று நினைத்துப் பீப் அடித்துவிடும். இன்னும் மூன்று நிமிடம் விட்டால் அரை டிகிரிக்கு மேல்கூட ஏறுவதைப் பார்க்கலாம். ஒருமுறை உங்கள் அக்குளிலேயே சோதித்துப் பாருங்கள்.

செய்யும் முறை இது. சட்டையைக் கழற்றுங்கள் அல்லது தோளிலிருந்து இறக்குங்கள். அக்குளில் வியர்வை இருந்தால் காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம், தேய்த்தால் தோல் சூடாகும். ஈரம் இருந்தால் ஆவியாகிக் குளிர்ச்சி காட்டும். பிறகு கையை உடம்போடு ஒட்டி இரண்டு மூன்று நிமிடம் மூடி வையுங்கள். கருவியை இயக்கி, முனையை அக்குளின் உச்சிக் குழியில், மார்புப் பக்கம் சாய்ந்தவாறு வைத்து, கையை இறக்கி முழங்கையை விலாவோடு அழுத்திப் பிடியுங்கள். முனை முதுகுப் பக்கம் வெளியே எட்டிப் பார்க்கக்கூடாது. பீப் வந்தபின்னும் மொத்தம் ஐந்து நிமிடம் ஆகும்வரை அப்படியே விடுங்கள். பீப்புக்குப் பிறகும் எண் மாறுகிறதா என்பதை உங்கள் கருவியின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள், சில மாடல்களில் பீப்போடு எண் உறைந்துவிடும். அப்படிப்பட்டதாக இருந்தால், கையை மூடி வைக்கும் நேரத்தை முன்கூட்டியே ஐந்து நிமிடமாக்குங்கள்.

கைக்குழந்தை என்றால் மடியில் சாய்த்து, உங்கள் கையால் அதன் கையை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொள்ளலாம். பால் குடித்துக்கொண்டிருக்கும்போது அம்மாவின் உடம்பில் ஒட்டாத பக்கத்து அக்குளில் பார்ப்பது நல்லது. ஒட்டிய பக்கத்தில் அம்மாவின் சூடும் சேர்ந்து வரும்.

"அக்குளில் பார்த்தால் ஒரு டிகிரி கூட்டிக்கணும்" என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். கூட்டாதீர்கள். வித்தியாசம் எல்லோருக்கும் ஒரு டிகிரி இல்லை, சிலருக்கு அரை டிகிரி, சிலருக்கு ஒன்றரை, அதுவும் காய்ச்சல் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதைப் பொறுத்து மாறும். நீங்கள் கூட்டிச் சொல்லி, கேட்பவர் மறுபடி கூட்டினால் இல்லாத காய்ச்சல் வந்துவிடும். வந்த எண்ணை வந்தபடி, இடத்தோடு சேர்த்துச் சொல்லுங்கள்: "அக்குளில் 100.8."

வாய்: சொன்னால் கேட்கும் வயதிலிருந்து

நாலு, ஐந்து வயதுக்கு மேல், முனையைக் கடிக்காமல் வாயை மூடி வைத்திருக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் வாய் நல்ல இடம். நாக்கைத் தூக்கிப் பார்த்தால் நடுவில் ஒரு நரம்பு மாதிரி சவ்வு தெரியும், அதன் இரண்டு பக்கமும் உள்ளே பின்னோக்கி ஒரு பள்ளம் இருக்கும். முனை அந்தப் பள்ளத்தில் போக வேண்டும். நாக்கின் முன் நுனிக்கு அடியில் வைத்தால் குறைவாக வரும். உதட்டை மூடி, மூக்கால் மூச்சு விட்டு, பீப் வரும்வரை இருக்க வேண்டும்.

காபி, டீ, ஐஸ் தண்ணீர், சிகரெட், வெற்றிலை எதுவானாலும் அதற்குப் பிறகு கால் மணி நேரமாவது கழியட்டும், அரை மணி என்றால் நிம்மதி. மூக்கடைப்பில் வாயால் மூச்சு விடுகிறவர், வேகமாக மூச்சு வாங்குகிறவர், வலிப்பு வந்தவர், அரை மயக்கத்தில் இருக்கிறவர், இவர்களுக்கு வாய் வேண்டாம், அக்குளுக்குப் போய்விடுங்கள்.

காது: வேகமானது, ஆனால் நேராக்க வேண்டும்

காதுக் கருவி செவிப்பறையிலிருந்து வரும் வெப்பக் கதிரைப் பார்க்கிறது. காதுக் குழாய் வளைந்திருப்பதால், நேராக்காமல் நுழைத்தால் அது குழாயின் சுவரைப் பார்த்துவிட்டுக் குறைவாகச் சொல்லும். ஒரு வயதுக்குக் கீழே காது மடலை நேராகப் பின்னால் இழுங்கள். அதற்கு மேல் பின்னாலும் மேலாகவும் இழுங்கள். முனை துளையை அடைத்து உட்கார்ந்தபின் பட்டனை அழுத்துங்கள். கருவி எதிர்க் கண்ணை நோக்கி இருப்பதுபோல் பிடித்தால் திசை பொதுவாகச் சரியாக வரும்.

ஆறு மாதத்துக்குள் காது வேண்டாம், குழாய் மிகச் சின்னது, எண்ணை நம்ப முடியாது. தலையணையில் அழுந்திய காது சூடாக இருக்கும், குளித்த காதும் காற்றில் நடந்து வந்த காதும் குளிர்ந்திருக்கும். இருபது நிமிடம் விட்டுப் பாருங்கள் அல்லது மேலே இருந்த காதில் பாருங்கள். இரண்டு காதுக்கும் எண் கொஞ்சம் வேறுபடுவது சகஜம். ஒரே காதைத் தேர்ந்துகொண்டு, இரண்டு மூன்று தடவை பார்த்து, அதில் உயர்ந்ததை எழுதுங்கள். தப்பாகப் பிடித்தால் குறைவாகத்தான் வரும் என்பதால் உயர்ந்ததே உண்மைக்குப் பக்கம்.

நேற்றுவரை சரியாக இருந்த கருவி இன்று எல்லோருக்கும் 96, 97 என்று சொன்னால் முதலில் லென்ஸைப் பாருங்கள். காதுக் குறும்பியோ கை ரேகையோ மங்க வைத்திருக்கும். பஞ்சில் கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டு மெதுவாகத் துடைத்து, முழுதாகக் காயவிட்ட பிறகு பயன்படுத்துங்கள். உறை போட்டுப் பார்க்கும் மாடல் என்றால் உறை இல்லாமல் பார்த்த எண் செல்லாது.

நெற்றி: எண்ணைவிடச் சூழல்தான் பேசும்

மின்விசிறிக்கு அடியில் வியர்த்துப் படுத்திருக்கும் பிள்ளையின் நெற்றி, எந்தக் காய்ச்சலையும் ஒளித்துவிடும். நெற்றிக் கருவி எண்ணைக் கெடுப்பவை வரிசையாக இவைதான்: விசிறி, ஏசி, வியர்வை, ஈரத்துணி, தைலம், முடி, தொப்பி, வெயில். எல்லாவற்றையும் விலக்கி, நெற்றியை ஒற்றித் துடைத்து, அறைக்குள் பத்து பதினைந்து நிமிடம் உட்கார வைத்த பிறகே பாருங்கள். கருவியும் அதே அறையில் இருந்திருக்க வேண்டும். ஏசி அறையிலிருந்து எடுத்துவந்து சூடான முற்றத்தில் பிடித்தால் அது இன்னும் ஏசி அறையில்தான் இருக்கும்.

தொடாத வகை என்றால் புருவங்களுக்கு நடுவே, கையேடு சொல்லும் தூரத்தில், நேராகப் பிடியுங்கள். சில மாடலுக்கு 3 சென்டிமீட்டர், சிலதற்கு 5 வரை, சிலதற்கு இன்னும் அதிகம். தூரம் கூடினால் எண் குறையும். தொட்டு இழுக்கும் வகை என்றால் நெற்றி நடுவிலிருந்து பக்கவாட்டில் தலைமுடி வரை ஒட்டியபடி மெதுவாக இழுங்கள். அங்கே நெற்றியின் ஓரத்தில் ஓடும் ரத்தக் குழாயைத்தான் அது தேடுகிறது.

எல்லோருக்கும் 92, 93 என்று வந்தால் திரையில் Surface என்று இருக்கிறதா பாருங்கள். அது பால், தண்ணீர், சுவர் போன்றவற்றின் மேற்பரப்பை உள்ளபடி சொல்லும் முறை. Body என்று மாற்றினால், கருவி தோலின் சூட்டிலிருந்து உள்சூட்டைக் கணக்கிட்டுச் சொல்லும்.

நெற்றியில் கூடுதல் வந்தால் அக்குளிலோ காதிலோ உறுதிசெய்யுங்கள். நெற்றியில் நார்மல் வந்து பிள்ளை சோர்ந்திருந்தால் அப்போதும் உறுதிசெய்யுங்கள். பிறகு நெற்றி எதற்கு என்றால், பதில் எனக்கும் அவ்வளவாகத் தெரியவில்லை. நடு இரவில் தூக்கத்தைக் கலைக்காமல் ஒரு நோட்டம் விட உதவும், அவ்வளவே.

மலத்துவாரத்தில் வைத்துப் பார்ப்பது உள்சூட்டுக்கு மிக அருகில் வரும் முறை. அமெரிக்காவில் கைக்குழந்தைகளுக்கு அதைத்தான் சொல்வார்கள், 100.4 என்ற எல்லையும் அங்கிருந்து வந்ததே. இங்கே பழக்கம் இல்லை, தவறாகச் செய்தால் காயமாகும், கைக்குழந்தைக்கு அக்குளே போதும். வீட்டில் அதை முயல வேண்டாம்.

ஒரு சாயங்காலம், ஒரு பிள்ளை

நாலு வயதுப் பையன். மழைக்காலம். இரவு எட்டரைக்கு நடுங்குகிறான், கை கால் ஜில்லென்று இருக்கிறது. அப்பா அலமாரியிலிருந்து துப்பாக்கியை எடுத்து, விசிறி ஓடும்போதே நெற்றியில் பிடிக்கிறார்: 97.4. "ஜுரம் இல்லை." பாட்டி வயிற்றில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "சுடுதேப்பா" என்கிறார்.

விசிறியை நிறுத்தி, நெற்றியைத் துடைத்து, பத்து நிமிடம் கழித்து அதே துப்பாக்கி: 99.3. எட்டு ஐம்பதுக்கு அக்குளில் ஐந்து நிமிடம் வைத்ததில் 100.6. ஒன்பதேகாலுக்கு நடுக்கம் நின்றுவிட்டது, முகம் சிவந்து உடம்பு கொதிக்கிறது, அக்குளில் 102.1. வலது காதில் 103.2, ஆனால் அந்தப் பக்கம்தான் அவன் படுத்திருந்தான். இடது காதில் 102.6. வாயில் பார்க்கவில்லை, இப்போதுதான் சூடாகப் பால் குடித்திருக்கிறான்.

இத்தனை எண்ணிலும் இருப்பது ஒரே காய்ச்சல். 97.4-லிருந்து 103.2-க்கு முக்கால் மணி நேரத்தில் ஏறியதாக யாராவது சொன்னால் அது தப்பு, முதல் எண் விசிறியின் எண், கடைசி எண்ணில் தலையணையும் சேர்ந்திருக்கிறது. உண்மையாகவே நடந்தது, ஒரே இடத்தில், ஒரே கருவியில், 100.6-லிருந்து 102.1-க்கு ஏறியது. நோட்டில் எழுத வேண்டியதும் அதுதான்: "8.50 அக்குள் 100.6. 9.15 அக்குள் 102.1. 9.20 மருந்து." அடுத்த முறையும் அதே அக்குளில் பார்க்க வேண்டும். பத்தரைக்கு 100.2 வந்தால் மருந்து வேலை செய்கிறது என்று தெரியும், நோய் போய்விட்டது என்று அல்ல. ஒன்பதேகாலுக்கு அக்குளிலும் பத்தரைக்கு நெற்றியிலும் பார்த்திருந்தால் இறங்கியதா இல்லையா என்பதே தெரிந்திருக்காது.

இந்த நோட்டு மூன்றாம் நாளில்தான் பெரிதாக உதவும். டெங்குவில் பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும், ஆபத்தான கட்டம் தொடங்குவது அந்த இறக்கத்தோடுதான். எண் 98-க்கு வந்து, பிள்ளை மட்டும் முன்னைவிடச் சோர்ந்து, வயிற்று வலி, ஓயாத வாந்தி, பல் ஈறிலோ மூக்கிலோ ரத்தம், சிறுநீர் குறைவு, கை கால் சில்லிப்பு என்று இருந்தால், தெர்மாமீட்டர் நார்மல் காட்டுகிறது என்று வீட்டில் இருக்கக்கூடாது. உடனே ஆஸ்பத்திரி. காய்ச்சல் தொடங்கிய தேதியும் இறங்கிய நேரமும் அங்கே கேட்பார்கள்.

கைக்குழந்தையும் பாட்டியும்: வழக்கமான எல்லை பொருந்தாதவர்கள்

இரண்டு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு அக்குள் மட்டும்தான். சாதாரண வரம்பு 97.7 முதல் 99.5 வரை. இந்த வயதில் கிருமித் தொற்று வந்தால் காய்ச்சல் ஏறாமல், உடம்பு குளிர்ந்தும் போகலாம் என்பதால் இரண்டு பக்கமும் எல்லை உண்டு. இந்தியாவில் அரசு சுகாதாரப் பணியாளர்களுக்குச் சொல்லித்தரும் கணக்கில் அக்குளில் செல்சியஸ் 37.5, அதாவது 99.5 அல்லது அதற்கு மேல் வந்தாலும், 35.5, அதாவது 95.9-க்குக் கீழே போனாலும் குழந்தையை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். வீட்டில் மருந்து கொடுத்துப் பார்க்கும் வயது அல்ல.

இரண்டு துண்டு, குல்லா, கம்பளி என்று சுற்றி வைத்த குழந்தைக்கு 99.6 வந்தால், அது நன்றாகப் பால் குடித்து விழிப்பாகவும் இருந்தால், கூடுதல் துணியை எடுத்துவிட்டுக் கால் மணி நேரத்தில் இன்னொரு முறை பார்க்கலாம். இறங்கவில்லை என்றால் கிளம்புங்கள். பால் குடிக்கவில்லை, துவண்டு கிடக்கிறது, மூச்சு வேகமாக இருக்கிறது என்றால் அந்தக் கால் மணி நேரமும் வேண்டாம். 97.7-க்குக் கொஞ்சம் கீழே, உதாரணமாக 97.2 வந்தால், குழந்தையை அம்மாவின் வெற்று மார்போடு அணைத்து, மேலே போர்த்தி, பால் கொடுத்து, அரை மணி கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் டாக்டர். மூன்று மாதம் முடியும்வரை, எந்த இடத்தில் 100.4 வந்தாலும் இரவென்றாலும் காத்திருக்கக்கூடாது.

பாட்டிக்குக் கதை வேறு. வயதானவர்களின் இயல்புச் சூடே குறைவு, நிமோனியா இருந்தும் எண் அதிகம் ஏறாமல் இருக்கலாம். அதனால் அவர் நன்றாக இருக்கும் நாளில், காலை ஒருமுறை மாலை ஒருமுறை என்று சில நாள் பார்த்து எழுதி வையுங்கள். வழக்கமாக வாயில் 96.8 இருப்பவருக்கு 98.9 வந்தால் அது ஏட்டில் நார்மல், அவருக்குக் காய்ச்சல். வழக்கத்தைவிட 2 டிகிரிக்கு மேல் ஏறினாலோ, வாயில் மறுபடி மறுபடி 99-ஐத் தாண்டினாலோ டாக்டரிடம் சொல்ல வேண்டும். திடீர்க் குழப்பம், சாப்பிட மறுப்பது, விழுவது இவை எண்ணுக்கு முன்பே வரும். மெலிந்தவர்களின் அக்குள் குழிந்து, முனை தோலில் ஒட்டாமல் அந்தரத்தில் நிற்கும், அவர்களுக்கு வாயோ காதோ மேல். காது கேட்கும் கருவி போட்டிருந்தால் கழற்றி இருபது நிமிடம் கழித்துக் காதில் பாருங்கள்.

கருவி சொல்வது சரியா, அப்புறம் பராமரிப்பு

இணையத்தில் ஐஸ் தண்ணீரில் வைத்துச் சோதிக்கச் சொல்வார்கள். உடல் சூடு பார்க்கும் டிஜிட்டல் கருவி பெரும்பாலும் 90-க்குக் கீழே அளக்காது, Lo என்று காட்டி நின்றுவிடும், அது பழுதல்ல. சோதிக்க வேண்டுமென்றால், ஒரு பாத்திரத்தில் குழந்தையைக் குளிப்பாட்டும் அளவு வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து, இரண்டு டிஜிட்டல் கருவிகளின் முனையை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துக் கலக்கிக்கொண்டே இருங்கள். 0.4 டிகிரிக்குள் ஒத்துப்போனால் சரி. ஒத்துப்போகவில்லை என்றால் மூன்றாவது கருவி ஒன்றால்தான் எது தப்பு என்று தெரியும். காது, நெற்றிக் கருவிகளைத் தண்ணீரில் சோதிக்க முடியாது. ஆரோக்கியமாக இருக்கும் பெரியவர் ஒருவரின் அக்குள் எண்ணோடு ஒப்பிட்டு, வழக்கமாக எவ்வளவு வித்தியாசம் என்று தெரிந்துவைத்துக்கொள்ளலாம்.

பயன்படுத்தியபின் முனையைச் சோப்பும் பச்சைத் தண்ணீரும் கொண்டு கழுவி, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துக் காயவிடுங்கள். வெந்நீரில் போடக்கூடாது, கொதிக்க வைக்கவே கூடாது. வாயில் வைக்கும் கருவியை வேறு இடங்களுக்குப் பயன்படுத்தாமல், மூடியில் பேனாவால் பெயர் எழுதித் தனியாக வையுங்கள். எண் மங்கினாலோ, திரையில் பேட்டரிப் படம் மின்னினாலோ பேட்டரியை மாற்றிய பிறகே எண்ணை நம்புங்கள்.

அந்தப் பேட்டரி சட்டைப் பட்டன் அளவு இருக்கும் வில்லை. கழற்றிய பழையதை மேசையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். பிள்ளை விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்க வைக்காமல், அடையாளம் தெரிய இன்னொரு வில்லையோ அட்டையோ இருந்தால் கையில் எடுத்துக்கொண்டு நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். தொண்டைக் குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே அது திசுவை அரித்துவிடும்.